ஒரு புள்ளி என்றால் ஒரு நாள்

நான் செய்த படிப்புச் செயலி சிறியது. உயிரியல் பாடத்திலிருந்து 240 கேள்வி அட்டைகள், அவற்றைப் படிக்கும் 18 பேர். அட்டையின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. பார்ப்பவர் மனதுக்குள் விடையைச் சொல்லிக்கொண்டு அட்டையைத் திருப்ப வேண்டும். பிறகு ‘தெரியும்’ அல்லது ‘தெரியாது’ பட்டனை அழுத்த வேண்டும். ‘தெரியும்’ என்றால் 10 புள்ளி. புள்ளி சேரச் சேர நிலை ஏறும், இடையிடையே பதக்கம் கிடைக்கும், தினமும் வந்தால் தொடர்நாள் கணக்கும் ஏறும். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. புள்ளிகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன.

பிறகு செயலியை மூடச் சொல்லி, அதே அட்டைகளிலிருந்து 20 கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். புள்ளியில் முதலிடத்தில் இருந்த மாணவி எடுத்தது 9. பதினொன்றாம் இடத்தில் இருந்தவர் எடுத்தது 16. அன்றிரவு லாகைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மாணவியின் பெயருக்கு நேரே ஒரே அட்டை வரிசையாக வந்துகொண்டிருந்தது. ‘மனித இதயத்தில் எத்தனை அறைகள்?’ ஒரே மாலையில் 41 முறை. அதாவது 410 புள்ளி. மறுநாள் அவளிடமே கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை, காரணம் தெரியவேண்டும் என்றுதான் கேட்டேன். “அக்கா, கஷ்டமான அட்டைக்கும் பத்துதான், இதுக்கும் பத்துதான். இது ரெண்டு செகண்டில முடிஞ்சிடும்” என்றாள். அவள் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. நான் எதற்குப் புள்ளி வைத்தேனோ, அதைத்தான் அவள் செய்திருக்கிறாள். நான் வைத்தது பட்டனை அழுத்துவதற்கு, நினைவில் வைப்பதற்கு அல்ல.

இன்னொன்றும் லாகில் தெரிந்தது. பலர் அட்டையைத் திருப்பி அரை நொடிகூட ஆகாமல் ‘தெரியும்’ அழுத்தியிருந்தார்கள். ‘தெரியாது’ என்று உண்மையைச் சொன்னால் பூஜ்யம், ‘தெரியும்’ என்று சொன்னால் பத்து. தன்னையே மதிப்பிடச் சொல்லும் இடத்தில் ஒரு பதிலுக்கு மட்டும் கூலி கொடுத்தால், நேர்மையாக இருப்பவர்தான் நஷ்டப்படுவார். இது படிப்பவரின் குணக்குறை இல்லை. விதியில் இருந்த ஓட்டை.

அதனால் புள்ளி விதியை முதலிலிருந்து எழுதினேன். நினைவைப் பற்றி நன்றாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு: இப்போது பார்த்ததை இப்போதே சொல்வது நினைவுக்குப் பெரிதாக உதவாது, கொஞ்சம் மறக்கத் தொடங்கிய பிறகு முயன்று வரவழைப்பதுதான் அதை நிலைக்கச் செய்கிறது. ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே தன் மீதே சோதனை செய்து மறதியின் வேகத்தை அளந்தார். அட்டைகளைப் பெட்டிகளாகப் பிரித்து இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகும் முறையை லைட்னர் 1970-களில் பரப்பினார். என் செயலியிலும் பெட்டி முறை ஏற்கெனவே இருந்தது, ஆனால் புள்ளிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருந்தது.

இப்போது ஒவ்வொரு அட்டைக்கும் ஐந்து படிகள். படிகளுக்கு இடையே 1, 3, 7, 16, 35 நாள் இடைவெளி. ஒரு படியின் இடைவெளி முடிந்து சரியாகச் சொன்னால், எத்தனை நாள் இடைவெளியோ அத்தனை புள்ளி. முதல் படிக்கு 1, கடைசிப் படிக்கு 35. ஓர் அட்டை மொத்தமாகத் தரக்கூடியது 62 புள்ளி, அதைப் பெறக் குறைந்தது 62 நாள் ஆகும். ஒரு புள்ளி என்றால், ஒரு விஷயத்தை ஒரு நாள் நினைவில் வைத்திருந்ததாக அர்த்தம். புள்ளி எதைக் குறிக்கிறது என்று யாராவது கேட்டால், இந்த ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லிவிடலாம். பழைய விதிக்கு எனக்கே பதில் தெரியாது.

```python
GAPS = [1, 3, 7, 16, 35]

def points(card, correct):
    s = card.step
    if s >= len(GAPS) or not correct:
        return 0
    if today() < card.due or s in card.paid:
        return 0
    card.paid.add(s)
    return GAPS[s]
```

இதில் `card.paid` இருக்கும் வரி தாமதமாக வந்தது. முதல் வரைவில் அது இல்லை. தவறினால் அட்டை கீழ்ப்படிக்கு இறங்கும், மறுபடி ஏறும்போது மறுபடி புள்ளி வரும் என்று விட்டிருந்தேன். காகிதத்தில் ஓட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: ஒருவர் வேண்டுமென்றே தவறு செய்து இறங்கி, அதே படிகளை ஏறி ஏறிப் புள்ளி சேர்க்கலாம். அதனால் ஒரு படிக்கு ஒரே ஒரு முறைதான் புள்ளி. இடைவெளி முடியும் முன்பே பார்த்தால் பார்க்கலாம், தடையில்லை, புள்ளி மட்டும் வராது. இதய அட்டையை 41 முறை அழுத்தினாலும் இனி அன்றைக்கு அதிகபட்சம் ஒரு முறைதான் கணக்கில் ஏறும்.

பொய்யாகத் ‘தெரியும்’ அழுத்துவதற்கு வழி வேறு. முதல் இரண்டு படிகளில் தன் மதிப்பீட்டை அப்படியே விட்டுவிட்டேன், அங்கே பொய் சொன்னால் கிடைப்பது 1 + 3 = 4 புள்ளி. மூன்றாம் படியிலிருந்து விடையைத் தட்டச்சு செய்ய வேண்டும், செயலி சரிபார்க்கும். முன்னால் பொய் சொல்லி வந்தவர் இங்கே மாட்டிக்கொள்வார், மீதி 58 புள்ளியும் அவருக்குக் கிடைக்காது. யாரையும் கண்காணிக்கவும் வேண்டாம், எச்சரிக்கவும் வேண்டாம். பொய்யால் வரும் லாபத்தைக் குறைத்துவிட்டாலே போதும். இடைவெளி தாண்டித் தாமதமாக வந்தவர் ஒன்றையும் இழப்பதில்லை, அவருக்கும் அதே புள்ளிதான். பத்து நாள் கழித்துச் சொன்னால் பத்துப் புள்ளி கொடுக்கலாமே என்று முதலில் நினைத்தேன். கொடுத்தால், புள்ளி பழுக்கட்டும் என்று செயலியைத் திறக்காமல் காத்திருப்பதே புத்திசாலித்தனம் ஆகிவிடும். அது வேண்டாம்.

தட்டச்சுப் பகுதிதான் என்னை அதிகம் படுத்தியது. முதல் வாரத்திலேயே “சரியாக எழுதினேன், தவறு என்று வருகிறது” என்று புகார். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. காரணம் யுனிகோடு. ‘கொ’ என்பதில் உள்ள கொம்பும் காலும் ஒரே குறியீடாக (U+0BCA) வரலாம், அல்லது ஒற்றைக் கொம்பு (U+0BC6), கால் (U+0BBE) என்று இரண்டாகவும் வரலாம். எந்த விசைப்பலகை என்பதைப் பொறுத்து மாறும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பக்கமும் இதைச் செய்தால் தீர்ந்துவிடும்:

```javascript
const clean = s => s.normalize("NFC").trim();
```

ஆனால் ‘ஔ’ என்ற எழுத்தை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடிப்பவர்களுக்கு இது உதவாது, அந்த ‘ள’ உண்மையிலேயே வேறு எழுத்து. ஔடதம், ஔவை போன்ற சொற்களுக்குத் தனியாக ஒரு மாற்று வரி எழுதினேன். ல, ள குழப்பம், ஒலிபெயர்ப்பு வேறுபாடு (‘நெஃப்ரான்’, ‘நெப்ரான்’) எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்து முடிக்க முடியாது. அதனால் ‘என் விடை சரிதான்’ என்று ஒரு பட்டன் வைத்தேன். அழுத்தினால் புள்ளி உடனே கிடைக்கும், அந்த விடை எனக்கு வரும், சரியென்றால் ஏற்கத்தக்க விடைப் பட்டியலில் சேர்த்துவிடுவேன். இதை வைத்து ஏமாற்றலாமா? ஏமாற்றலாம். சரியாக எழுதியவருக்குத் தவறு என்று சொல்வதைவிட, எப்போதாவது ஒருவர் சில புள்ளிகளை ஏமாற்றி எடுத்தால் பரவாயில்லை என்று முடிவு செய்தேன். செயலி சொல்வது நியாயமானது என்ற நம்பிக்கை ஒரு முறை போனால், அப்புறம் எந்தப் புள்ளிக்கும் மதிப்பில்லை.

ஓர் அட்டையின் வழியை முழுதாகச் சொல்கிறேன். ‘சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் அடிப்படை அலகு எது?’ ஒருவர் இதை முதலில் படித்த நாளைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம். 1-ஆம் நாள் சரி, 1 புள்ளி. 4-ஆம் நாள் சரி, 3 புள்ளி. 11-ஆம் நாள் தட்டச்சு செய்ய வேண்டும், ‘நெஃப்ரான்’ என்பதற்குப் பதில் ‘நியூரான்’ என்று எழுதினார். தவறு. அப்போதைய விதிப்படி அட்டை அடிமட்டத்துக்கே போனது. 12-ஆம் நாள் சரியாகச் சொன்னார், புள்ளி இல்லை, ஏனென்றால் அந்தப் படிக்கு முன்பே வாங்கிவிட்டார். 15-ஆம் நாளும் சரி, புள்ளி இல்லை. அவர் எனக்கு எழுதினார்: “ரெண்டு தடவை சரியாச் சொல்லியும் ஒண்ணுமே வரலையே, அக்கா. தண்டனையா இது?” அவர் கேட்டது சரி. ஏமாற்றுபவரைத் தடுக்கப் போட்ட விதி, தவறி எழுந்து வருபவர் மீது விழுந்துவிட்டது.

இரண்டு மாற்றங்கள் செய்தேன். தவறினால் அடிமட்டத்துக்குப் போகாமல் ஒரு படி மட்டும் இறங்கும். அதன்படி இந்த அட்டை 11-ஆம் நாளுக்குப் பிறகு 14-ஆம் நாள் வரும், அங்கே சரியென்றால் 21-ஆம் நாள் மறுபடி தட்டச்சு, அப்போது 7 புள்ளி. இடையில் பூஜ்யம் வரும் அந்த ஒரு முறைக்கு, ‘மீண்டும் ஏறுகிறது, இன்னும் 7 நாளில் 7 புள்ளி’ என்று அட்டையிலேயே எழுதிக் காட்டினேன். புகார் நின்றது. புள்ளியைக் கூட்டவில்லை, என்ன நடக்கிறது என்பதை மறைக்காமல் காட்டினேன், அவ்வளவுதான்.

நள்ளிரவு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இதே வேலையைச் செய்பவர்கள் கட்டாயம் இதில் இடிப்பார்கள். ‘1 நாள்’ என்பதை 24 மணி நேரம் என்று கணக்கிட்டிருந்தேன். முதல் நாள் இரவு 7 மணிக்குப் படித்தவர் மறுநாள் 6:45-க்கு வந்தால் அட்டை வராது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போய், ஒரு வாரத்தில் அவருடைய நேரமே கலைந்துவிடும். இப்போது தேதியை மட்டும் ஒப்பிடுகிறேன். நாள் மாறுவது அதிகாலை 4 மணிக்கு, இரவு கண்விழித்துப் படிப்பவருக்கு அது முந்தைய நாளாகவே இருக்கும்.

நிலைகளுக்கு வருவோம். பழைய சூத்திரம் பரவலாகப் பயன்படுவதுதான்: n-ஆம் நிலைக்கு 100 × 1.5ⁿ⁻¹ புள்ளி. ஐந்தாம் நிலைக்கு 506 புள்ளி, அதாவது 51 அட்டை. முதல் நாள் மாலையிலேயே ஐந்து நிலை ஏறிவிடுவார்கள். பதினைந்தாம் நிலைக்கு 29,193 புள்ளி, 2,900-க்கும் மேற்பட்ட அட்டைகள். தொடக்கத்தில் கற்றது மிகக் குறைவு, ஆனால் ஏற்றம் மிக வேகம். பிறகு உண்மையாகவே கற்றுக்கொண்டிருக்கும்போது நிலை அசையாது. படிப்பின் போக்குக்கு நேர் எதிரான படத்தை நான் காட்டிக்கொண்டிருந்தேன்.

முன்னேற்றப் பட்டையிலும் ஒரு தந்திரம் இருந்தது, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். புதிதாகச் சேர்பவருக்குப் பட்டை 20 சதவீதத்தில் தொடங்கும். நூன்ஸ், ட்ரேஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையிலிருந்து எடுத்தது. கார் கழுவும் கடை ஒன்றில் ஒரு பகுதியினருக்கு 8 முத்திரை வேண்டிய அட்டை, மற்றவர்களுக்கு 10 முத்திரை வேண்டிய அட்டை, ஆனால் அதில் 2 முன்பே குத்தியிருக்கும். இருவருக்கும் தேவை எட்டுதான். முதல் வகையில் 19 சதவீதம் பேர் அட்டையை நிரப்பினார்கள், இரண்டாம் வகையில் 34 சதவீதம் பேர். வேலை செய்கிறது, சந்தேகமில்லை. ஆனால் கார் கழுவும் அட்டையில் முத்திரை என்பது வெறும் முத்திரை. படிப்புச் செயலியில் பட்டை ‘உனக்கு இவ்வளவு தெரியும்’ என்று சொல்கிறது. தெரியாத 20 சதவீதத்தைத் தெரியும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. பட்டை இப்போது பூஜ்யத்தில் தொடங்குகிறது.

புதிய நிலைக்கு ஒரே அளவுகோல்: 7 நாள் இடைவெளியைத் தாண்டிய ஒவ்வொரு 25 அட்டைக்கும் ஒரு நிலை. எல்லா நிலைக்கும் அதே 25. கடைசிப் படியை (35 நாள்) அளவுகோலாக வைக்கத்தான் முதலில் ஆசைப்பட்டேன், ஆனால் அப்படி வைத்தால் முதல் நிலைக்கே 62 நாள் ஆகும், அதுவரை யாரும் காத்திருக்க மாட்டார்கள். ஏழு நாள் என்றால் 1 + 3 + 7, பதினொன்றாம் நாள் முதல் நிலை எட்டலாம். சேரும்போதே ‘முதல் நிலை 11 நாளுக்கு முன் வராது’ என்று எழுதி வைத்தேன். அந்தப் பத்து நாளும் ஒன்றுமே நகராமல் இருக்கக்கூடாது என்பதற்காக, எந்தப் படியில் எத்தனை அட்டைகள் நிற்கின்றன என்று ஐந்து தூண்களாகக் காட்டினேன். அட்டைகள் இடமிருந்து வலமாக நகர்வது தினமும் கண்ணுக்குத் தெரியும். பலர் நிலையைவிட அந்தத் தூண்களைத்தான் அதிகம் பார்க்கிறார்கள்.

மறந்துபோனால் நிலை இறங்க வேண்டுமா என்பதில் நாள் கணக்கில் யோசித்தேன். இறக்கினால் உண்மை, ஆனால் வயிற்றில் அடிக்கும். இறக்காவிட்டால் எண் பொய் ஆகிவிடும். கடைசியில் இரண்டு எண்களைக் காட்டினேன்: ‘எட்டிய நிலை 4’, அதன் கீழே ‘இப்போது நினைவில் 87 அட்டைகள்’. முதலாவது நடந்த கதை, அது மாறாது. இரண்டாவது இன்றைய நிலவரம், ஏறி இறங்கும்.

தொடர்நாள் கணக்கை எடுத்துவிட்டேன். லாகில் இரவு 11:50-க்கு மேல் ஒரே ஒரு அட்டையை மட்டும் பார்த்துவிட்டுப் போனவர்கள் அவ்வளவு பேர். அறுபது நாள் தொடர் அறுந்துவிடுமே என்ற பயம். கையில் இருப்பதை இழப்பது, அதே அளவு கிடைப்பதைவிடக் கூடுதலாக உறுத்தும் என்று உளவியலாளர்கள் கானமன், ட்வெர்ஸ்கி 1979-இல் எழுதினார்கள், தொடர்நாள் கணக்கு அந்த உறுத்தலில்தான் ஓடுகிறது. அதற்குப் பதில் ‘கடந்த 7 நாளில் 4 நாள்’ என்று மட்டும் காட்டுகிறேன். ஒரு நாள் விட்டால் நான்கு மூன்றாகும், அடுத்த நாள் வந்தால் சரியாகும். நோட்டிஃபிகேஷனும் ‘உங்கள் தொடர் இன்னும் 2 மணி நேரத்தில் அறுந்துவிடும்’ என்பதிலிருந்து ‘இன்று 14 அட்டைகள், சுமார் 5 நிமிடம்’ என்று மாறியது. நேரத்தை அவரவர் தேர்ந்தெடுக்கலாம். அன்றைக்கு அட்டை இல்லையென்றால் நோட்டிஃபிகேஷனும் இல்லை. தினமும் திறப்பவர்கள் எண்ணிக்கை இதனால் குறைந்தது. குறையத்தான் செய்யும், திறக்கத் தேவையில்லாத நாளில் அவர்கள் திறக்கவில்லை.

தரவரிசைப் பட்டியல், அழுத்தினால் ஏதாவது ஒரு பரிசு வரக்கூடிய குலுக்கல் பெட்டி இரண்டையும் யோசிக்காமல் தூக்கினேன். அடுத்து என்ன வரும் என்று தெரியாத பரிசு, விடாமல் அழுத்த வைக்கும் என்பதை உளவியலாளர்கள் ஸ்கின்னரும் ஃபெர்ஸ்டரும் 1957-லேயே விரிவாகக் காட்டிவிட்டார்கள். அழுத்த வைப்பது எனக்குத் தேவையில்லை. தரவரிசை போனதும் ஏமாற்றும் ஆசையும் பெரும்பாலும் போனது. நோட்டைப் பார்த்து விடை எழுதினால் என்னால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அந்தப் புள்ளியைக் காட்டிப் பெருமைப்பட இப்போது ஆள் இல்லை.

பதக்கங்கள் 30 இருந்தன, மூன்றாக்கினேன். இதில் 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் செய்த சோதனை எனக்கு வழிகாட்டியது. வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள சின்னக் குழந்தைகளில் ஒரு குழுவிடம் ‘வரைந்தால் சான்றிதழ்’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் பின்னால் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு ஒன்றுமில்லை. பிறகு பரிசு இல்லாத நாட்களில் பார்த்தபோது, முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள் மற்ற இரு குழுவினரைப்போல் ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். எனவே ‘இதைச் செய்தால் இது’ என்று தூண்டில் போடும் பதக்கங்களை நீக்கினேன். மீதமுள்ள மூன்றும் நடந்து முடிந்ததைக் குறிப்பிட்டுச் சொல்பவை. உதாரணமாக: ‘மூன்று முறை தவறிய “நெஃப்ரான்” அட்டையை 35 நாள் கழித்துச் சரியாக எழுதினீர்கள்.’ எதற்காக வந்தது என்பது பதக்கத்திலேயே இருக்கிறது. எதிர்பாராமல் வருவதும் குலுக்கல் பெட்டிதானே என்று நண்பர் ஒருவர் கேட்டார். பெட்டியை இன்னொரு முறை அழுத்தினால் இன்னொரு பரிசு வரலாம், இதை அழுத்தி வரவழைக்க முடியாது. மூன்றும் என்னென்ன என்பது அமைப்புகள் பக்கத்தில் எழுதியிருக்கிறது, தேடுபவருக்கு ரகசியம் இல்லை.

பழைய புள்ளிகளை என்ன செய்வது? அழிக்க மனம் வரவில்லை, அவர்கள் என் விதியை நம்பிச் சேர்த்தவை. ‘பழைய கணக்கு’ என்று தனிப் பக்கத்தில் அப்படியே வைத்துவிட்டு, எல்லோருக்கும் நான்கு வரி எழுதினேன்: என்ன தவறாக வைத்திருந்தேன், இப்போது புள்ளி என்றால் என்ன. மூன்று பேர் வருத்தப்பட்டார்கள். ஒருவர் போய்விட்டார்.

மூன்று மாதம் கழித்து மறுபடி தாளில் 20 கேள்விகள், 17 பேர். இம்முறை புள்ளியில் முதல் ஐந்து இடத்தில் இருந்த எல்லோரும் 15-க்கு மேல் எடுத்தார்கள், கடைசி மூவர் தாளிலும் கடைசியில்தான். இதய அட்டையை 41 முறை அழுத்திய மாணவி எடுத்தது 14. பதினேழு பேரை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்லிவிட முடியாது, ஒழுங்காக வருபவர் எந்த விதியிலும் இரண்டையும் சேர்த்துப் பெறுவார். ஆனாலும் புள்ளியும் அறிவும் எதிரெதிர்த் திசையில் ஓடவில்லை என்பதை மட்டும் பார்க்க முடிந்தது.

இன்னொரு சோதனையும் செய்தேன். முன்வந்த ஆறு பேருக்கு, அவர்களிடம் சொல்லிவிட்டே, ஒரு வாரம் புள்ளி, நிலை, பதக்கம் எல்லாவற்றையும் மறைத்தேன். நான்கு பேர் அதே அளவு அட்டைகளைப் பார்த்தார்கள். இருவர் பாதிக்குமேல் குறைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர், “தூண்கள் தெரியாம எங்க நிக்கிறேன்னே தெரியல” என்றார், அது எனக்குப் பிரச்சினையாகத் தோன்றவில்லை, வரைபடம் இல்லாமல் நடப்பது யாருக்கும் கடினம். இன்னொருவர் புள்ளிக்காகவே வந்தேன் என்றார். இப்போது மறைக்கும் பட்டன் எல்லோருக்கும் அமைப்புகளில் இருக்கிறது, அவர் அதை மாதத்தில் ஒரு வாரம் தானே போட்டுப் பார்க்கிறார்.

இந்தக் கணக்கு அட்டையில் அடங்கும் விடைகளுக்கு மட்டுமே பொருந்தும். மரபியலில் குறுக்குக் கலப்புக் கணக்கு போடுவது, ஒரு சோதனையின் முடிவை விளக்கி எழுதுவது போன்றவற்றுக்கு ‘7 நாள் கழித்துச் சரி’ என்பதை எப்படி அளப்பது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அதே கணக்கை எண் மாற்றிக் கொடுத்துப் பார்க்கிறேன். அதுவரை அந்தப் பயிற்சிகளுக்குப் புள்ளியே வைக்கவில்லை, செய்தவருக்கு என் கையால் இரண்டு வரிக் கருத்து மட்டும் எழுதி அனுப்புகிறேன்.